சாமத்து முழிப்புக்கு ஒரு குளிசை: மொடாபினில் செய்வதும் செய்யாததும்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு 8 மணிக்கு வெளிக்கிடும் பஸ் ஆனையிறவைக் கடந்து, முறிகண்டிப் பிள்ளையாரடியில் ஒரு கற்பூரத்துக்கு நின்று, 11 மணி போல வவுனியாவைத் தொடும். பிறகு அனுராதபுரம், சாமம் 2 மணியளவில் புத்தளம், அங்கிருந்து சிலாபம், நீர்கொழும்பு, விடியுமுன் கொழும்பு. பயணிகள் நித்திரை கொள்ள, ஒரே ஒரு ஆள் மட்டும் முழித்திருக்க வேண்டிய பயணம் இது. அந்த ஆள் முழித்திருப்பதற்கு ஒரு குளிசை உதவுமா என்ற கேள்விக்கு விடை ‘ஓரளவு உதவும்’ என்பதுதான். அந்த ‘ஓரளவு’ எவ்வளவு, எந்த நேரத்தில் அது போதாமல் போகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மொடாபினில் பிரான்சில் லஃபோன் ஆய்வுகூடத்தில் உருவான மருந்து. 1990களின் நடுப்பகுதியில் அங்கே புழக்கத்துக்கு வந்தது. 1998இல் ஐக்கிய அமெரிக்காவில் நார்கோலெப்சி எனும் நித்திரை நோய்க்கு அனுமதி பெற்றது. 2004இல் அங்கே இரவு வேலையால் வரும் நித்திரைக் கோளாறும், மூச்சுத்திணறல் நித்திரை நோயில் சிகிச்சைக்குப் பிறகும் மிஞ்சும் தூக்கமும் அந்த அனுமதியில் சேர்ந்தன. ஐரோப்பிய மருந்து முகவரகம் 2010இல் எல்லாவற்றையும் மறுபடி நிறுத்துப் பார்த்து, நார்கோலெப்சி ஒன்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கும்படி சொன்னது. ஒரே மருந்து, ஒரே தரவுகள். இரவு வேலைக்காரருக்குக் கிடைக்கும் நன்மை அதன் ஆபத்துக்கு ஈடாகுமா என்பதில் இரண்டு பெரிய அமைப்புகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பாமசியில் பெயரைச் சொல்லிக் கேட்கிறவர் இதையாவது தெரிந்திருப்பது நல்லது.

தூக்கம் எங்கிருந்து வருகிறது

தூக்கத்தை உண்டாக்குபவை இரண்டு. ஒன்று, முழித்திருக்கும் நேரத்தின் கணக்கு. மூளைக் கலங்கள் வேலை செய்யும்போது சக்தியைச் செலவழிக்கின்றன. அந்தச் செலவின் மிச்சமாக அடினோசின் என்ற பொருள் கலங்களுக்கிடையே சேர்ந்துகொண்டு போகிறது. காலையில் எழும்பும்போது குறைவாக இருப்பது இரவு படுக்கும் நேரத்தில் கூடி, முழிப்பை நடத்தும் நரம்புகளை மந்தமாக்குகிறது. நித்திரை கொண்டால்தான் அது வடியும். உடல் வைத்திருக்கும் வேறு வழி இல்லை.

மற்றது உடலுக்குள் இருக்கும் மணிக்கூடு. கண்ணுக்குப் பின்னால் மூளையின் அடியில் இருக்கும் ஒரு சிறு நரம்புக் கொத்து, வெளிச்சத்தைப் பார்த்துத் தன் நேரத்தைச் சரிசெய்துகொண்டு, 24 மணி நேரச் சுற்றில் முழிப்பைத் தூக்கிவிடவும் இறக்கிவிடவும் செய்கிறது. ஒரு விசித்திரம்: இந்த மணிக்கூடு முழிப்பை அதிகம் தூக்கிப் பிடிப்பது பின்னேரம் 6 மணியிலிருந்து 9 மணி வரை. அதிகம் கைவிடுவது சாமம் 3 மணியிலிருந்து 5 மணி வரை. அதனால்தான் பஸ் வெளிக்கிடும் நேரத்தில் சாரதிக்குத் தூக்கமே தெரியாது. “நான் நல்லா முழிப்பாத்தான் இருக்கிறன்” என்று அவர் சொல்வது அந்த நேரத்துக்கு உண்மைதான். ஏழு மணி நேரம் கழித்து, அடினோசின் மேலே ஏறி நிற்க, மணிக்கூடும் கையை விட, இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. எங்கள் பாதையில் அந்த இடம் புத்தளத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடைப்பட்ட நேரான கடலோர வீதி.

குளிசை தொடுவது எதை

கோப்பியில் இருக்கும் கஃபீன் அடினோசின் வந்து உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அடினோசின் அங்கேயே சுற்றி நிற்கிறது, ஆனால் மூளைக்கு அதன் சேதி போய்ச் சேராது. மொடாபினில் வேறு வழியால் வருகிறது. நரம்புகள் வெளிவிடும் டோபமின் என்ற பொருளைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு புரதம் உண்டு. மொடாபினில் அதைத் தடுக்கிறது. டோபமின் வெளியில் கூடுதல் நேரம் தங்கி, முழிப்பை நடத்தும் பாதைகளைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. இந்தப் புரதம் இல்லாமல் பிறக்கும்படி செய்த எலிகளுக்கு மொடாபினில் கொடுத்தபோது அவற்றுக்கு முழிப்பு வரவில்லை. மருந்து வேலை செய்யும் இடம் அதுதான் என்பதற்கு வலுவான சாட்சி அது. ஹிஸ்டமின், ஒரெக்சின் போன்ற வேறு முழிப்புப் பாதைகளும் இதோடு சேர்ந்து எழும்புகின்றன.

டோபமினைத் தொடுகிற மருந்து என்பதால் பழக்கமாகிவிடாதா என்று கேட்பது நியாயம். ஆம்பெற்றமின் வகைகளோடு பார்த்தால் அந்த ஆபத்து குறைவு, ஆனால் பூச்சியம் அல்ல. அமெரிக்காவிலும் இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில்தான் இருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, அடினோசின் கணக்கில் மொடாபினில் கையே வைப்பதில்லை என்பது. டெங்குக் காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் கொடுத்தால் சூடு இறங்கும், இரத்தத்தில் வைரசும் குறைந்துகொண்டு போகும் தட்டணுக்களும் அப்படியேதான் இருக்கும். அதுபோலத்தான் இதுவும். தூக்கம் என்ற அறிகுறி அடங்குகிறது, தூக்கத்தை உண்டாக்கியது உள்ளே கூடிக்கொண்டே போகிறது.

அறிகுறியாவது எவ்வளவு அடங்குகிறது? இரவு வேலைக்காரரிடம் செய்த முக்கியமான ஆய்வு 2005இல் வெளிவந்தது. நித்திரைக் கோளாறு உள்ள 209 பேரில் ஒரு பகுதியினருக்கு வேலைக்கு முன்னால் 200 மில்லிகிராம் மொடாபினிலும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் கொடுத்தார்கள். இரவில் இருட்டறையில் படுக்கவைத்து, எத்தனை நிமிடத்தில் நித்திரையாகிறார்கள் என்று அளந்தார்கள். நன்றாக நித்திரை கொண்ட மனிதருக்கு இதில் பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்கும். ஐந்துக்குக் கீழே போனால் கடுமையான தூக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். இவர்களுக்குத் தொடக்கத்தில் சராசரி 2 நிமிடமளவில் இருந்தது. மருந்து எடுத்தவர்களுக்கு அது 4 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறியது. கூடியது 1.7 நிமிடம்.

இந்த எண்ணைச் சும்மா கடந்துபோகக் கூடாது. மருந்து வேலை செய்தது உண்மை. வெறும் குளிசை எடுத்தவர்களில் 54 சதவீதமானோர் வேலை முடிந்து வீடு திரும்பும்போது விபத்தோ மயிரிழையில் தப்பிய விபத்தோ சந்தித்ததாகச் சொல்ல, மருந்து எடுத்தவர்களில் அது 29 சதவீதமாக இருந்தது. அது சிறிய நன்மை அல்ல. ஆனாலும் மருந்து உள்ளே இருக்கும்போதே அவர்கள் ஐந்து நிமிடக் கோட்டுக்குக் கீழேதான் நின்றார்கள், கடுமையான தூக்கக்காரராகவே. மருந்து எடுத்தும் பத்தில் மூன்று பேருக்கு வழியில் ஆபத்து வந்தது. குளிசை போட்டால் பகல் போல ஓட்டலாம் என்று நினைப்பவருக்கு இந்த ஆய்வில் ஆதாரம் இல்லை.

ஒரு இரவின் கணக்கு

இனி ஒரு சாரதியை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், ஆனால் நேரங்கள் உண்மைப் பயணத்தின் நேரங்கள். திங்கட்கிழமை காலை 6 மணிக்கு எழும்பினார். முந்திய இரவு நல்ல நித்திரை. பகலில் பஸ் கழுவுவது, சில்லுப் பார்ப்பது, வீட்டு அலுவல் என்று போனதால் படுக்கவில்லை. பின்னேரம் 7 மணிக்கு, சோறு சாப்பிட்ட கையோடு, 200 மில்லிகிராம் குளிசை ஒன்றைப் போடுகிறார். 8 மணிக்கு வண்டி வெளிக்கிடுகிறது.

மொடாபினில் இரத்தத்தில் உச்சத்துக்கு வர 2 மணியிலிருந்து 4 மணி நேரம் எடுக்கும். சாப்பாட்டோடு எடுத்தால் இன்னும் ஒரு மணி நேரமளவில் பிந்தலாம். ஆகவே உச்சம் 10 மணி போல என்று வைப்போம். பஸ் முறிகண்டியில் நிற்கும் நேரம் அது. அவருடைய மணிக்கூடும் முழிப்பை இன்னும் முழுதாகக் கைவிடவில்லை. மருந்து அதிகம் தேவைப்படாத நேரத்தில்தான் மருந்து உச்சத்தில் இருக்கிறது. அந்தத் தெளிவை அவர் ‘குளிசை நல்லா வேலை செய்யுது’ என்று மனதில் பதித்துக்கொள்கிறார்.

11 மணிக்கு வவுனியா. முழித்து 17 மணி நேரம். குளிசை இல்லாமல் இந்த அளவு முழித்திருப்பவரின் கை-கண் ஒத்திசைவு, இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடையதைப் போல இருக்கும் என்று 1997இல் அவுஸ்திரேலியாவில் அளந்து காட்டினார்கள். மருந்து இதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது.

2 மணிக்குப் புத்தளம். முழித்து 20 மணி நேரம். மொடாபினிலின் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 15 மணி நேரம் எடுக்கும். எனவே இப்போதும் உச்சத்தின் 80 சதவீதத்துக்கு மேல் இரத்தத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் கண் சொக்குகிறது. மருந்து தீர்ந்துபோய்விட்டது என்று அவர் நினைக்கிறார். மருந்து தீரவில்லை, எதிர்த்துத் தள்ளும் சுமைதான் கூடியிருக்கிறது.

பிழை நடப்பது இந்த இடத்தில்தான். தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி இரண்டாவது குளிசையை விழுங்குகிறார். அது உச்சத்துக்கு வருவது 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில். அவருக்கு முழிப்பு வேண்டியது 3 மணிக்கு, சிலாபம் வீதியில். அந்த நேரத்துக்கு அதனால் முழு உதவி இல்லை. தூக்கம் வந்த பிறகு போடுவதற்குரிய மருந்து அல்ல இது. வேலை தொடங்க ஒரு மணி நேரம் முன்னால் எடுக்கும்படி எழுதியிருப்பதன் காரணமும் அதுதான்.

4.30க்குக் கொழும்பு. பயணிகளை இறக்கி, வண்டியைக் கழுவி, சாப்பிட்டு, 8 மணிக்குப் படுக்கிறார். இரண்டாவது குளிசை உச்சத்தைத் தாண்டி மூன்று மணி நேரம்தான் ஆகிறது. முதலாவதும் 60 சதவீதத்துக்கு மேல் மிச்சம். இரண்டையும் கூட்டினால், ஒரு குளிசையின் உச்சத்தைப் போல ஒன்றரை மடங்கு மருந்து உள்ளே இருக்கும்போது அவர் கண்ணை மூடுகிறார். வெளியே வெயில், வாகன இரைச்சல், மணிக்கூடும் ‘எழும்பு’ என்கிற நேரம். சரியான நேரத்தில் ஒரே ஒரு குளிசை எடுத்தவர்களின் பகல் நித்திரையை அது பெரிதாகக் கெடுக்கவில்லை என்று மேலே சொன்ன ஆய்வில் கண்டார்கள். ஆனால் இவருடைய கதை அது அல்ல. மூன்று மணி நேரம் புரண்டு, 11 மணிக்கு எழும்புகிறார் என்று வைப்போம்.

செவ்வாய் இரவு 8 மணிக்குத் திரும்பும் பயணம். எட்டு மணி நேரம் நித்திரை தேவையான ஆள் மூன்று கொண்டிருக்கிறார். ஐந்து மணி நேரக் கடனோடு ஸ்டியரிங்கில் உட்காருகிறார். முந்திய நாள் மருந்தும் இன்னும் உள்ளே இருப்பதால் அந்தக் கடன் அவருக்குச் சரியாகத் தெரியாது. புதன்கிழமைக்குள் அது பத்து மணி நேரத்தைத் தொடும். இரண்டு குளிசை போதாமல் போவது இப்படித்தான். இரவுகள் கூடக் கூட உடல் மருந்துக்குப் பழகிவிட்டது என்று பலர் நினைப்பதில் பெரும் பங்கு உண்மையில் கடன் கூடியதுதான். அளவைக் கூட்டுவதாலும் பலன் கிடைப்பதில்லை. ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை ஆய்வுகளில் கொடுத்திருக்கிறார்கள், 200க்கு மேல் நிச்சயமான கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை.

தெரியாமல் போவது

தூக்கத்தில் முதலில் கெடுவது கையோ காலோ அல்ல. தன் நிலையைத் தானே மதிப்பிடும் திறன்தான் முதலில் கெடுகிறது. 2003இல் வெளிவந்த ஒரு ஆய்வில், 14 நாட்கள் தொடர்ந்து ஆறு மணி நேரம் மட்டும் நித்திரை கொள்ள விட்டார்கள். நாட்கள் போகப் போகக் கவனப் பிழைகள் ஏறிக்கொண்டே போய், முடிவில் ஒன்றிரண்டு இரவுகள் அறவே நித்திரை கொள்ளாதவர் அளவுக்கு வந்தன. ஆனால் ‘எவ்வளவு தூக்கமாக இருக்கிறது’ என்று கேட்டபோது அவர்கள் சொன்ன அளவு சில நாட்களிலேயே ஏறுவதை நிறுத்திவிட்டது. பழகிவிட்டது என்று அவர்களுக்குத் தோன்றியது. திரையில் பதிவான பிழைகள் வேறு சொன்னன.

இதற்கு மேல் மொடாபினிலை வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கனடாவில் படையினரிடம் பார்த்தார்கள். 64 மணி நேரம் முழித்திருந்தவர்களுக்கு 300 மில்லிகிராம் கொடுத்தபோது செயல்திறன் ஓரளவு மீண்டது, தங்கள் விடைகள் சரி என்ற நம்பிக்கையோ செயல்திறனைவிட அதிகமாக ஏறியது. தன்னம்பிக்கை மிஞ்சிய, கவனம் குறைந்த ஒருவர் 50 பயணிகளோடு ஓட்டுவது, தூக்கத்தை உணர்ந்து ஓரங்கட்டுகிற ஒருவர் ஓட்டுவதைவிட ஆபத்து. என் கருத்தில், இந்த மருந்தின் மிகப் பெரிய குறை அட்டையில் எழுதியிருக்கும் பக்கவிளைவுகளில் இல்லை, இதில்தான் இருக்கிறது.

ஆகவே சாரதியின் சொல்லை நம்புவதைவிடப் பக்கத்தில் இருப்பவரின் கண்ணை நம்புவது பயனுள்ளது. நடத்துனர் கவனிக்கக்கூடியவை வெளிப்படையானவை: இமை மெதுவாக மூடித் திறப்பது, வேகம் காரணமில்லாமல் கூடிக் குறைவது, வண்டி வெள்ளைக் கோட்டுக்கு மேல் போய்த் திடீரென்று திரும்பி வருவது, கேட்ட கேள்விக்குப் பிந்திப் பதில் வருவது, கடந்த சில கிலோமீற்றர் நினைவில்லாமல் இருப்பது. கடைசி அடையாளம் வந்துவிட்டதென்றால் நொடித் தூக்கம் ஏற்கனவே நடந்துவிட்டது. கண் திறந்தபடியே சில விநாடிகள் மூளை அணைந்துபோவது அது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் நான்கு விநாடி என்பது 67 மீற்றர். “அண்ணை, ஒருக்கா நிப்பாட்டுவமே, எனக்கொரு தேத்தண்ணி வேணும்” என்று நடத்துனர் தன் பெயரில் கேட்டால் பெரும்பாலான சாரதிகள் நிறுத்துவார்கள். “உங்களுக்கு நித்திரை வருது” என்று சொன்னால் நிறுத்தமாட்டார்கள்.

நின்ற இடத்தில் செய்ய வேண்டியதும் குளிசை அல்ல. ஒரு கடுங்கோப்பியைக் குடித்து, உடனேயே ஆசனத்தைச் சாய்த்து 15 நிமிடம் கண்ணை மூடுவது. கஃபீன் வேலையைத் தொடங்க 20 நிமிடமளவில் எடுக்கும், அதற்குள் இந்தக் குட்டித் தூக்கம் அடினோசினில் கொஞ்சத்தைக் குறைத்துவிடும். இரண்டும் ஒன்றாக வந்து சேரும். வாகன ஓட்டப் பாவனைக் கருவியில் சோதித்தபோது, தனிக் கோப்பியைவிடவும் தனித் தூக்கத்தைவிடவும் இரண்டும் சேர்ந்தது நன்றாக வேலை செய்தது. 20 நிமிடத்தைத் தாண்ட விடக் கூடாது. ஆழ்ந்த நித்திரைக்குள் போய் எழும்பினால் அடுத்த அரை மணி நேரம் தலை மந்தமாகவே இருக்கும். எழும்பியவுடன் வண்டியை எடுக்காமல் ஐந்து நிமிடம் இறங்கி நடப்பதும் இதற்காகத்தான். இந்த உதவியும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காது.

அதைவிடப் பெரிய பலன் பயணத்துக்கு முன்னால் கிடைப்பது. பின்னேரம் 2 மணியிலிருந்து 4 மணி வரை படுத்தால், சாமத்தில் எதிர்கொள்ளும் சுமையே குறைந்துவிடும். அந்த நேரத்தில் மணிக்கூட்டுக்கு ஒரு சின்னத் தொய்வு உண்டு, நித்திரை இலகுவாக வரும். தகரக் கூரைக்குக் கீழே படுக்க முடியாது, கோவில் ஒலிபெருக்கியும் சும்மா விடாது என்பது எங்கள் ஊர் நிலைமை. காதடைப்பான், சன்னலுக்குத் தடித்த துணி, ஒரு காற்றாடி ஆகியவற்றுக்கு ஆகும் செலவு சில அட்டை குளிசையின் செலவைவிட அதிகமாகாது. இரண்டு சாரதிகள் இருக்கும் வண்டியில் மாற்றம் அனுராதபுரத்தில் நடக்க வேண்டும், முதல் ஆள் தூங்கி விழத் தொடங்கிய பிறகு அல்ல.

முழித்திருந்தும் கிடைக்காதவை

சாரதியை விட்டு உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு வருவோம். சுருக்கமாகவே சொல்லலாம். பகலில் படித்தது நிலைத்த நினைவாக மாறுவதில் பெரும்பங்கு அன்றிரவு நித்திரையில் நடக்கிறது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு ஆய்வில், பார்வைத் திறன் ஒன்றைப் பயின்றவர்கள் அன்றிரவு முழித்திருந்தார்கள். அடுத்த இரண்டு இரவும் நன்றாக நித்திரை கொண்ட பிறகு சோதித்தாலும் அவர்களிடம் முன்னேற்றம் இல்லை. அந்த முதல் இரவைப் பின்னால் ஈடுசெய்ய முடியவில்லை. குளிசை போட்டு விடிய விடிய இரசாயனவியல் பார்த்த பிள்ளை பக்கங்களைக் கண்ணால் கடந்திருக்கும், மண்டபத்தில் உட்காரும்போது அவை வராது. உடலுக்கும் அப்படித்தான். ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் நித்திரை கொள்ள விட்டபோது அவர்களின் உடல் சீனியைக் கையாளும் வேகம் தெளிவாகக் குறைந்தது. முழித்திருக்கும் உணர்வை மட்டும் கொடுக்கிற மருந்துக்கு இதில் எதையும் திருத்தும் வேலை கிடையாது.

பதினெட்டு வயதுக்குக் கீழே இதற்கு அனுமதி இல்லாமல் போனதற்குத் தனியான காரணமும் உண்டு. பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளில் கடுமையான தோல் எதிர்விளைவுகள் தென்பட்டன. எடுக்கத் தொடங்கி முதல் ஐந்து வாரத்துக்குள் தோலில் தடிப்போ கொப்புளமோ, வாயில் புண்ணோ, காய்ச்சலோ வந்தால், எந்த வயதினராக இருந்தாலும் அடுத்த குளிசையை எடுக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அதிகம் வருவது தலையிடி, மூன்றில் ஒருவருக்கு. படபடப்பு, பசியின்மை, பதற்றம், இரத்த அழுத்தம் கூடுவது ஆகியவையும் வரும். முன்பு மனநோய் இருந்தவருக்கு அது மறுபடி கிளம்பலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையோடு இது மோதுவது. இரவு வேலை செய்யும் தாதிப் பெண்ணோ ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணோ மொடாபினில் எடுத்தால், ஈரலில் மருந்துகளை உடைக்கும் ஒரு நொதியம் வேகம் பிடிக்கிறது. கருத்தடைக் குளிசையின் ஹோர்மோன் வழமையைவிடச் சீக்கிரம் உடைந்துபோகும், பாதுகாப்புக் குறையும். மொடாபினிலை நிறுத்திய பிறகும் ஒன்று முதல் இரண்டு மாதம் வரை வேறு முறை தேவை. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் பிறவிக் குறைபாடு வரலாம் என்ற எச்சரிக்கையும் இருப்பதால், இந்த மோதல் இரட்டிப்பாகப் பாரதூரமானது. இரத்த உறைவைத் தடுக்கும் வோபரின், வலிப்பு மருந்தான பெனிற்றோயின் எடுப்பவர்களும் வைத்தியருக்குச் சொல்லாமல் இதைத் தொடக்கூடாது. இந்தியாவிலிருந்து யாரோ பையில் கொண்டுவந்து கொடுத்த அட்டையில் இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு ஆள் இருக்காது. அங்கேயும் இது வைத்தியர் எழுதித்தர வேண்டிய மருந்துதான்.

பகல் தூக்கத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நோய் இன்னொன்று. உரத்த குறட்டை, இடையிடையே மூச்சு நின்று திமிறி எழும்புவது, காலையில் தலையிடி, எட்டு மணி நேரம் படுத்தும் தீராத களைப்பு ஆகியவை தடித்த கழுத்தும் பெருத்த வயிறுமுள்ள நடுத்தர வயதுச் சாரதிகளிடம் வந்தால் அது மூச்சுத்திணறல் நித்திரை நோயாக இருக்கலாம். தொண்டை மூடி இரவு முழுக்க நூற்றுக்கணக்கான தடவை நித்திரை உடைவதால் பகலில் தூக்கம். இவருக்கு வேண்டியது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி. குளிசை மட்டும் எடுத்தால் தூக்கம் அடங்கும், ஒவ்வொரு இரவும் ஒட்சிசன் இறங்குவதும் இரத்த அழுத்தம் ஏறுவதும் தொடரும். குறட்டையைப் பற்றி வைத்தியரிடம் போகும்போது பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது, மூச்சு நிற்பதைக் கண்டவர் அவர்தான்.

அப்படியானால் இந்தக் குளிசை யாருக்கு? இரண்டு வாரம் ஓய்வு எடுத்து, தினமும் எட்டு மணி நேரம் நித்திரை கொண்டும், பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறவர் இருக்கிறார். சிரித்தால் முழங்கால் மடங்கி விழப்போகிறவர், நித்திரையிலிருந்து எழும்பும்போது சில விநாடி உடல் அசையாமல் கிடக்கிறவர். மூளையில் ஒரெக்சினைச் சுரக்கும் கலங்கள் அழிந்துபோவதால் வரும் நார்கோலெப்சியின் அடையாளங்கள் இவை. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கி, சோம்பேறி என்ற பெயரோடு பல வருடம் கண்டுபிடிக்கப்படாமலே போகும். இவர்கள் போதனா வைத்தியசாலையில் நரம்பியல் கிளினிக்குக்குப் போக வேண்டியவர்கள். காலையில் 200 மில்லிகிராம் மொடாபினில் இவர்களில் பலருக்குப் பகலைத் திருப்பிக் கொடுக்கிறது. அவர்களுக்கும் வைத்தியர் மருந்தோடு சேர்த்து எழுதுவது இரவில் ஒரே நேரத்துக்குப் படுப்பதும், பகலில் நேரம் குறித்து இரண்டு குட்டித் தூக்கமும்.